மாடல் ஃபிளாட் வேலை கேட்டு ஒரு மின்னஞ்சல்

அடுக்குமாடி கட்டும் பில்டர்களுக்கு இன்டீரியர் டிசைனர்கள் எழுதும் மின்னஞ்சல்கள் பலவற்றில் அனுபவமும் படங்களும்தான் நிறைந்திருக்கும். பில்டரின் கவலையோ வேறு. மாடல் ஃபிளாட்டைப் பார்க்க வருபவர் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் சாவி வாங்கும் நாளில் சண்டைக்கு வரக் கூடாது.

இரண்டாவது கவலைக்குச் சட்டக் காரணம் உண்டு. 2016ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 12ஆம் பிரிவு விளம்பரத்தோடு மாடல் ஃபிளாட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதில் காட்டிய தவறான விவரத்தை நம்பி முன்பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு பில்டர் இழப்பீடு தர வேண்டும். அவர் விலக விரும்பினால் கட்டிய முழுத் தொகையையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும்.

ஆகவே அளவில் சிறிய கட்டிலைப் போட்டு அறையைப் பெரிதாகக் காட்டும் பழைய வித்தை இன்று பில்டருக்கே ஆபத்து. 10 அடிக்கு 11 அடி படுக்கையறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 அடிச் சுவரில் 2 அடி ஆழத்துக்கு அலமாரி வந்தால் 9 அடி மிஞ்சும். 5 அடி அகல குயின் கட்டில் போட்டால் அலமாரிப் பக்கம் இரண்டரை அடி, மறுபக்கம் ஒன்றரை அடி நடக்க இடம் இருக்கும். 6 அடி கிங் கட்டில் என்றால் இரு பக்கமும் சேர்த்தே 3 அடிதான்; அலமாரிக்குத் தள்ளு கதவு வைப்பதே நல்லது. இந்தக் கணக்கு தெரிந்தவர் எழுதும் கடிதம் இப்படி இருக்கும்:

"ஐயா, வணக்கம். ரெரா தளத்தில் பதிவாகியுள்ள உங்கள் திட்டத்தின் இரண்டு படுக்கையறை ஃபிளாட் வரைபடத்தைப் பார்த்தேன். சிறிய படுக்கையறையில் குயின் கட்டில் வசதியாக அமையும். அளவு குறித்த வரைபடம் இணைத்துள்ளேன். மரச்சாமான்கள் எல்லாம் கடையில் கிடைக்கும் வழக்கமான அளவிலேயே இருக்கும். தரை ஓடு, குழாய், சுவிட்ச் முதலியவை உங்கள் ஒப்பந்தத்தில் உள்ளவையே. விலையில் அடங்காத பொருள் ஒவ்வொன்றிலும் 'காட்சிக்கு மட்டும்' என்ற அட்டை இருக்கும். வடிவமைப்புக் கட்டணத்தையும் பொருள் செலவையும் தனித்தனியாகக் கொடுத்துள்ளேன். இந்த வாரம் தளத்துக்கு வந்து அளவெடுக்க அனுமதி வேண்டுகிறேன்."

அனுப்பும் நேரமும் முக்கியம். மாடல் ஃபிளாட் வரப்போகும் தளத்தில் செங்கல் சுவர் எழும்பி, பூச்சு வேலை தொடங்காத கட்டமே சரியானது. கட்டில் தலைமாட்டு சுவிட்சையும் ஏசி பாயின்டையும் அப்போதே குறித்துவிட்டால் பூசிய சுவரை மறுபடி உடைக்க வேண்டியதில்லை. பூச்சும் வண்ணமும் முடிந்தபின் வரும் கடிதத்துக்கு வேலை கிடைத்தாலும், திரைச்சீலையும் சோபாவும் தேர்வு செய்வதற்கு மேல் அதில் செய்ய அதிகம் இருக்காது.

விற்பனைப் பிரிவுத் தலைவருக்கும் திட்டப் பொறியாளருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவது பயன் தரும். முன்னவர் அட்டை விஷயத்தைப் படிப்பார். பின்னவர் வரைபடத்தைத் திறந்து அளவைச் சரிபார்ப்பார்.