ஹீமோகுளோபினின் முதல் எட்டு அமிலங்கள்

பிளஸ் டூ உயிரியல் பயிற்சித்தாளில் தவறாமல் வரும் கேள்வி இது. டி.என்.ஏ.வின் வார்ப்புரு இழை ஒன்றைக் கொடுத்து, அதிலிருந்து உருவாகும் தூது ஆர்.என்.ஏ.வையும் அமினோ அமில வரிசையையும் எழுதச் சொல்வார்கள். பல தாள்களில் இழை ஏதோ கற்பனை எழுத்துகளாக இருக்கும். நிஜமான மரபணு ஒன்றை எடுத்துக்கொண்டால், விடை சரியா தவறா என்பதோடு, ஓரெழுத்து மாறினால் உடம்பில் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிடும். நம் ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணுவை எடுத்துக்கொள்வோம். அதன் வார்ப்புரு இழையில் ஒரு சிறு துண்டு:

```
3′ TGTGGTACCACGTAGACTGAGGACTCCTC 5′
```

3′, 5′ என்பவை இழையின் இரு முனைகள். டி.என்.ஏ.வின் முதுகெலும்பில் உள்ள சர்க்கரையின் கார்பன் அணுக்களுக்கு எண்கள் உண்டு. எந்த எண் கொண்ட கார்பன் ஒரு முனையில் நிற்கிறதோ அந்த எண்ணே முனைக்குப் பெயர். ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி வார்ப்புருவை 3′ முனையிலிருந்து 5′ நோக்கிப் படித்துக்கொண்டே போகும். அது கட்டும் ஆர்.என்.ஏ. 5′ முனையில் தொடங்கி 3′ நோக்கி வளரும். இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் காலை வாரிவிடும்.

எழுத்து மாற்றம் எளிது. G இருந்தால் C, C இருந்தால் G, T இருந்தால் A. வார்ப்புருவில் A வந்தால் மட்டும் ஆர்.என்.ஏ.வில் T எழுதக்கூடாது, U எழுத வேண்டும். ஆர்.என்.ஏ.வில் தைமினுக்குப் பதில் யுராசில்தான் இருக்கிறது. அப்படி எழுதினால் கிடைப்பது:

```
5′ ACACCAUGGUGCAUCUGACUCCUGAGGAG 3′
```

அடுத்து மூன்று மூன்று எழுத்தாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஒரு கோடான். ஒரு கோடானுக்கு ஓர் அமினோ அமிலம். எங்கிருந்து பிரிப்பது? இடப்பக்கத்து முதல் எழுத்திலிருந்தே வெட்டத் தொடங்குவதுதான் பெரும்பாலான மாணவர்களின் வழக்கம். அப்படி வெட்டிப் பாருங்கள்: ACA, CCA, UGG, UGC, AUC, UGA. அட்டவணையில் தேடினால் திரியோனின், புரோலின், டிரிப்டோபேன், சிஸ்டீன், ஐசோலியூசின் என்று ஐந்து அமிலங்கள் வரும். ஆறாவதாக வரும் UGA எந்த அமிலத்தையும் குறிப்பதல்ல, நிறுத்தச் சொல்லும் கோடான். ஐந்தே அமிலத்தோடு புரதம் முடிந்துபோகிறது. 146 அமிலம் நீளமுள்ள சங்கிலி அப்படி முடியாது.

ரைபோசோம் அப்படிப் படிப்பதில்லை. 5′ முனைப் பக்கமிருந்து வந்து AUG என்ற தொடக்கக் கோடானைக் கண்டதும் அங்கிருந்துதான் எண்ணத் தொடங்கும். நம் வரிசையில் ACACC என்ற ஐந்து எழுத்துகளும் தொடக்கத்துக்கு முந்தியவை, அவை ஆர்.என்.ஏ.வில் உண்டு, புரதத்தில் இல்லை. அவற்றைத் தள்ளிவிட்டு வெட்டினால்:

```
AUG GUG CAU CUG ACU CCU GAG GAG
```

மெத்தியோனின், வாலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளுட்டாமிக் அமிலம், மீண்டும் குளுட்டாமிக் அமிலம். இதுதான் சரியான விடை. அட்டவணையில் தேடும்போது தூது ஆர்.என்.ஏ.வின் கோடானைத்தான் பார்க்க வேண்டும். வார்ப்புருவின் எழுத்துகளையோ, கடத்து ஆர்.என்.ஏ.வின் எதிர்க்கோடானையோ கொண்டு தேடினால் வேறு அமிலம் வந்து நிற்கும்.

இப்போது அதே கேள்வியைச் சற்று மாற்றி, வார்ப்புருவை 5′ முனையிலிருந்து அச்சிட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்:

```
5′ CTCCTCAGGAGTCAGATGCACCATGGTGT 3′
```

இழை அதேதான், திருப்பி எழுதியிருக்கிறார்கள், அவ்வளவே. முனைகளைக் கவனிக்காத மாணவர் வழக்கம்போல் இடமிருந்து வலமாக மாற்றி எழுதினால் GAGGAGUCC என்று தொடங்கும் வரிசை வரும். அதில் கடைசி வரை தேடினாலும் AUG கிடைக்காது. கிடைக்கவில்லை என்றால் திசை தப்பிவிட்டது என்று சந்தேகிக்கலாம். இந்தத் தப்பு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

அதைவிட மோசமானது இன்னொன்று. இந்த வரிசையின் நடுவில் ATG என்ற எழுத்துகள் கண்ணில் படும். தொடக்கம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து, T இருக்கும் இடமெல்லாம் U போட்டுப் படித்தால் AUG, CAC, CAU, GGU என்று அழகாக வரும்: மெத்தியோனின், ஹிஸ்டிடின், ஹிஸ்டிடின், கிளைசின். பார்க்க நம்பும்படி இருந்தாலும் முழுக்கத் தவறு. டி.என்.ஏ.வில் ATG தொடக்கமாகத் தெரிய வேண்டியது வார்ப்புருவின் எதிர் இழையில், அதாவது குறியாக்க இழையில்தான். வார்ப்புருவில் தெரிகிற ATG தற்செயலானது. 5′ முனையில் தொடங்கும் வார்ப்புரு கையில் கிடைத்தால், முதலில் அதை 3′ முனையிலிருந்து திருப்பி எழுதிக்கொண்டு, பிறகு எழுத்து மாற்றத்தைத் தொடங்குவதே பாதுகாப்பு. ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டியிருக்கும், தயங்க வேண்டாம்.

சரியான விடையின் ஏழாவது கோடானுக்கு வருவோம். வார்ப்புருவில் அது CTC, ஆர்.என்.ஏ.வில் GAG. அந்த CTCயின் நடுவெழுத்து T மாறி CAC ஆகிவிட்டால் ஆர்.என்.ஏ.வில் GUG வரும். அட்டவணையைத் திறக்கவே வேண்டாம், நம் வரிசையின் இரண்டாவது கோடானும் அதேதான்: வாலின். குளுட்டாமிக் அமிலம் மின்னூட்டம் கொண்டது, தண்ணீரோடு ஒட்டி நிற்பது. வாலின் தண்ணீரை விட்டு ஒதுங்குவது. ஆக்சிஜன் குறையும் இடங்களில் இந்த வாலினைப் பிடித்துக்கொண்டு ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீள இழைகளாகச் சேர்கின்றன. வட்டத் தட்டு போன்ற சிவப்பணு அரிவாள் போல வளைந்து நுண்ணிய ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்கிறது. அரிவாள் செல் சோகை இதுதான். இந்த ஓர் அமில மாற்றத்தை 1956இல் கேம்பிரிட்ஜில் கண்டறிந்தவர் வெர்னன் இங்ரம். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இந்த மரபணு இருப்பது 1952லேயே பதிவாகியிருந்தது.

அதே கோடானின் நடுவெழுத்துக்குப் பதில் முதலெழுத்து மாறி வார்ப்புருவில் TTC ஆனால் AAG வரும், அது லைசின். அதற்கு ஹீமோகுளோபின் சி என்று பெயர். நோயின் கடுமை மிகக் குறைவு. மூன்றாவது எழுத்து மாறி CTT ஆனாலோ GAA வரும். அதுவும் குளுட்டாமிக் அமிலமே, புரதத்தில் எந்த மாற்றமும் இல்லை.

பயிற்சித்தாள் மறைத்துவிடும் ஒரு விஷயம் உண்டு. இந்த மரபணுவில் புரதத்துக்குப் போகாத இரண்டு இன்ட்ரான்கள் இடையில் இருக்கின்றன. அவை வெட்டி எறியப்பட்ட பிறகே தூது ஆர்.என்.ஏ. ரைபோசோமுக்குப் போகிறது. நாம் எடுத்த துண்டு முதல் எக்ஸானுக்குள் அடங்கிவிட்டதால் அந்தச் சிக்கல் நமக்கு வரவில்லை. புத்தகங்களில் அரிவாள் செல் மாற்றம் ஆறாவது அமிலத்தில் என்று படித்த மாணவர், தன் தாளில் ஏழாவது இடத்தில் அதைக் கண்டு குழம்பிப்போவதும் உண்டு. முதலில் சேரும் மெத்தியோனின், சங்கிலி வளரும்போதே வெட்டி நீக்கப்படுகிறது. முழுமையான ஹீமோகுளோபினில் முதலிடம் வாலினுக்கு, ஆறாமிடம் குளுட்டாமிக் அமிலத்துக்கு. ஆர்.என்.ஏ.விலிருந்து வரிசை எழுதும் தாளில் மட்டும் மெத்தியோனினைச் சேர்த்தே எழுத வேண்டும்.