வைஃபையில் அகலம் கூடினால் வேகம் கூடுமா?

ரௌட்டர் அமைப்புப் பக்கத்தில் Channel Width என்றொரு தேர்வு இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அதை 20-லிருந்து 40 மெகாஹெர்ட்ஸாக மாற்றினால், இரண்டு ஆன்டெனா உள்ள பழைய வைஃபை 4 ரௌட்டரில் இணைப்பு வேகம் 144-லிருந்து 300 எம்பிபிஎஸ் ஆகிவிடும். ஆனால் அது திரையில் தெரியும் எண் மட்டுமே.

இந்த அலைவரிசையில் மொத்தமே சுமார் 83 மெகாஹெர்ட்ஸ்தான் இடம். 20 அகலத்தில் 1, 6, 11 என மூன்று சேனல்கள் ஒன்றையொன்று தொடாமல் இயங்கும். 40 எடுத்தால் ஏறக்குறைய பாதி உங்களுடையது. அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்தப் பாதிக்குள் பக்கத்து வீட்டு ரௌட்டர்களும் பேசிக்கொண்டிருக்கும். வைஃபை, பேசுமுன் கேட்கும் வழக்கமுள்ளது. யாராவது பேசினால் உங்கள் ரௌட்டர் காத்திருக்கும். உங்களுக்காக அவர்களும் காத்திருப்பார்கள். பல ரௌட்டர்கள் அண்டை நெட்வொர்க்குகளைக் கண்டதும் தாமாகவே 20-க்கு இறங்குவது இதனால்தான்.

தூரத்துக்கும் இதில் பங்குண்டு. அனுப்பும் சக்தி மாறாமல் அகலம் மட்டும் இரட்டிப்பானால், அதே சக்தி இருமடங்கு இடத்தில் பரவுகிறது. உள்ளே வரும் இரைச்சலும் இரட்டிப்பாகிறது, அதாவது 3 டெசிபல் நஷ்டம். ரௌட்டர் இருக்கும் அறையில் இது தெரியாது. இரண்டு சுவர் தாண்டிய படுக்கையறையில் வீடியோ நின்று நின்று ஓடும்.

சோதிக்க, அந்தப் படுக்கையறையிலேயே இரண்டு அகலத்திலும் வேகத்தை அளந்து பாருங்கள், இரவு ஒன்பது மணிக்கு. என் தேர்வு: 2.4-இல் எப்போதும் 20. இடம் தாராளமாக உள்ள 5 கிகாஹெர்ட்ஸில் 80 வைக்கலாம். தூர அறையில் தடுமாறினால் 40-க்கு இறக்குங்கள்.