கடைசிப் பத்து டிகிரிக்கு ஏன் இவ்வளவு நேரம்?

பெரிய ஓட்டல்களிலும் மருத்துவமனைகளிலும் அறைக்கு அறை கீசர் வைப்பதில்லை. தரைத்தளத்தில் ஓர் இயந்திர அறை இருக்கும். அங்கே ஒரு பாயிலர், பக்கத்தில் உருளை வடிவில் ஒரு தொட்டி. தொட்டிக்குள் செம்புக் குழாய் சுருள் சுருளாக ஓடும். பாயிலரில் கொதிநிலைக்குக் கீழே காய்ந்த தண்ணீர் அந்தச் சுருளுக்குள் போய்த் திரும்பும். தொட்டியில் நிற்கும் குளிக்கிற தண்ணீர் வெளியிலிருந்து அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும். இரண்டு தண்ணீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இந்தத் தொட்டிக்குப் பெயர் கலோரிஃபையர். அதற்குள் எத்தனை மீட்டர் குழாய் வைக்க வேண்டும் என்பதுதான் நம் கேள்வி.

கோவைப் பக்கம் போர் தண்ணீரை நம்பியிருக்கும் ஓர் ஓட்டலை எடுத்துக்கொள்வோம். தொட்டியின் கொள்ளளவு 1000 லிட்டர். மார்கழிக் காலையில் மேல்தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் 25 டிகிரி. அதை ஒரு மணி நேரத்தில் 60 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 4.19 கிலோஜூல் தேவை. ஆக 35 டிகிரிக்கு, 1000 லிட்டருக்கு, சுமார் 1,46,500 கிலோஜூல். 3600 விநாடிகளால் வகுத்தால் 40.7 கிலோவாட். பாயிலர் தண்ணீர் சுருளுக்குள் 80 டிகிரியில் நுழைந்து 70 டிகிரியில் வெளியேறுகிறது. சராசரி 75 என்று வைப்போம்.

சூடு எவ்வளவு வேகமாகக் கைமாறும் என்பது மூன்றைப் பொறுத்தது: குழாயின் பரப்பு, குழாய்ச் சுவர் வழியே சூடு கடக்கும் எளிமை, இரு பக்கத்துக்குமான வெப்பநிலை வித்தியாசம். எழுதினால் இப்படி:

Q = U × A × ΔT

இதில் சிக்கல் கடைசி எழுத்தில். ஆரம்பத்தில் சுருளுக்கும் தொட்டிக்கும் வித்தியாசம் 50 டிகிரி. முடிவில் 15 டிகிரிதான். எதைப் போடுவது? கூட்டி இரண்டால் வகுத்து 32.5 என்று போட்டுவிடத் தோன்றும். அது தவறு. தொட்டி சூடாகச் சூடாக வித்தியாசம் குறைகிறது. வித்தியாசம் குறையக் குறைய சூடு ஏறும் வேகமும் குறைகிறது. நம் கணக்கில் 25-லிருந்து பாதித்தூரமான 42.5 டிகிரி வரை ஏற சுமார் இருபத்தொன்றரை நிமிடம் போதும். மீதிப் பாதிக்கு முப்பத்தெட்டரை நிமிடம் ஆகிறது. குறைந்த வித்தியாசத்தில்தான் தொட்டி அதிக நேரத்தைக் கழிக்கிறது. எனவே உண்மையான சராசரி சிறிய எண்ணின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

அந்தச் சாய்வைச் சரியாகக் கொடுப்பது மடக்கைச் சராசரி. பொறியாளர்கள் எல்.எம்.டி.டி. என்பார்கள். இரண்டு வித்தியாசங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, அவற்றின் விகிதத்தின் இயல் மடக்கையால் வகுக்க வேண்டும்:

(50 − 15) ÷ ln(50 ÷ 15) = 35 ÷ 1.204 = 29.1

32.5-ஐ நம்பியிருந்தால் பரப்பு பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்துபோயிருக்கும். முடிவு வித்தியாசம் சிறிதாகச் சிறிதாக இந்தப் பிழை பெருகும். சூரிய வெப்பக் கருவியோ ஹீட் பம்போ இணைத்து, சுருளில் 65 டிகிரி தண்ணீரை மட்டும் ஓட்டும் இடங்களில் முடிவு வித்தியாசம் 5 டிகிரிதான் இருக்கும். அங்கே சாதாரணச் சராசரியைப் போடுவது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம்.

இனி U. சுத்தமான செம்புச் சுருளுக்கு, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 600 வாட் என்று கொள்வோம். 40,700-ஐ 600-ஆலும் 29.1-ஆலும் வகுத்தால் 2.33 சதுர மீட்டர். 28 மில்லிமீட்டர் குழாயாக வாங்கினால் ஏறத்தாழ இருபத்தாறரை மீட்டர்.

அன்றைக்கு மட்டும் இது போதும். ஏனென்றால் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து படியும். சர்க்கரையைப்போல இது சூட்டில் கூடுதலாகக் கரையாது. சூடு ஏற ஏறக் கரைதிறன் குறையும். ஆகவே தொட்டியிலேயே மிகச் சூடான இடத்தில், அதாவது சுருளின் மேல்தான், முதலில் வெள்ளைப் படிவு உட்காரும். நாம் எங்கே சூட்டை வாங்குகிறோமோ, சரியாக அங்கே.

அப்படியானால் சூட்டைக் குறைத்துவிடலாமே என்றால், அதற்கும் வழியில்லை. 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிய லீஜியனல்லா என்ற பாக்டீரியா வெதுவெதுப்பான தண்ணீரில்தான் செழிக்கும். அதனால்தான் தொட்டியை 60 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள். சுருளுக்குள் தேவையில்லாமல் 90, 95 டிகிரி ஓட்டாமல் இருப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. பரப்பு கூடுதலாக இருந்தால் மிதமான சூட்டிலேயே வேலை முடியும். படிவும் மெதுவாக வரும்.

படிவுக்காக முன்கூட்டியே ஒதுக்கும் எண்ணுக்கு ஃபவுலிங் ஃபேக்டர் என்று பெயர். கடின நீருக்கு 0.00053, பாயிலர் பக்கத்துச் சுத்திகரித்த நீருக்கு 0.00018 என்று எடுக்கலாம். முதல் எண் ஏறக்குறைய அரை முதல் ஒரு மில்லிமீட்டர் தடிமன் படிவுக்குச் சமம். சுத்தமான சுருளின் வெப்பத் தடை 1 ÷ 600 = 0.00167. அதோடு இரண்டையும் கூட்டினால் 0.00238. தலைகீழாக்கினால் U 421-ஆக இறங்கிவிடுகிறது. பரப்பு 3.33 சதுர மீட்டர், குழாய் 38 மீட்டர். சுத்தமான கணக்கைவிட 43 சதவீதம் கூடுதல்.

இதே எண்களைத் தட்டு வகை வெப்பமாற்றிக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. செய்யக்கூடாது. அங்கே U 4000-ஐத் தொடும். அதே தடையைக் கூட்டினால் பரப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். தட்டுகளுக்கிடையே தண்ணீர் அவ்வளவு மெதுவாகி, படிவு இன்னும் வேகமாகச் சேரும். தட்டு வகைக்குச் சில சதவீதம் பரப்பு கூட்டிவைப்பதே முறை.

சுருளிலும் பாதுகாப்புக்கு என்று மேலும் மேலும் கூட்டுவது நல்லதில்லை. 38 மீட்டர் சுருள் புதிதாக இருக்கும்போது தொடக்கத்தில் 100 கிலோவாட் வரை உறிஞ்சப் பார்க்கும். 45 கிலோவாட் பாயிலர் அதைத் தாங்காது. அதன் தண்ணீர் 75-இல் நிற்காமல் சரியும், ஒரு மணி நேரக் கணக்கும் அதோடு போகும். படிவோடு இருக்கும்போதே தொடக்கத் தேவை 70 கிலோவாட். 40.7 என்பது சராசரி மட்டுமே என்பதைப் பாயிலர் வாங்குபவர் மறக்கிறார்.

படிவு எவ்வளவு சேர்ந்தது என்று பார்க்கத் தொட்டியைத் திறக்க வேண்டியதில்லை. யாரும் தண்ணீர் பிடிக்காத இரவு நேரத்தில், பாயிலர் தண்ணீர் வழக்கமான சூட்டில் இருக்கும்போது, தொட்டி 40-லிருந்து 60 டிகிரிக்கு ஏறும் நேரத்தைக் குறிக்க வேண்டும். நம் 38 மீட்டர் சுருள் புதிதாக இருந்தால் சுமார் 30 நிமிடம். ஒதுக்கிய படிவு முழுவதும் சேர்ந்தபின் 42 நிமிடம். கூடவே சுருளைவிட்டுத் திரும்பும் தண்ணீரின் சூட்டையும் பார்க்கலாம். படிவு சேரச் சேர, கொடுக்க முடியாத சூட்டோடு அது திரும்பும். 42-ஐத் தாண்டினால் தடுப்பான் கலந்த சல்ஃபாமிக் அமிலத்தைச் சுற்றவிட்டுச் சுருளைக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, மறுபடி அதே 40-லிருந்து 60 வரை நேரம் பார்த்து எழுதிவைக்க வேண்டும். 30-க்குத் திரும்பவில்லை என்றால் படிவு இன்னும் பாக்கி இருக்கிறது.