மட்டையிலிருந்து கண்ணாடிக்கு

தொண்ணூறுகளில் பாரிஸின் ரூ லூயி-பிளாங்கில் கடை வைத்திருந்த ஒரு முதலாளி பொங்கல் வாழ்த்தை வீடியோவில் பதிவுசெய்ய வேண்டுமென்றால், பேச்சைப் பெரிய மட்டைகளில் தடித்த கறுப்பு மார்க்கரால் எழுதுவார்கள். கமெராவுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, வாசித்து முடிந்த மட்டையை ஒவ்வொன்றாக இறக்குவார். இன்று கைபேசியின் முன்னால் ஒரு கண்ணாடி சாய்ந்து நிற்கிறது. அதில் எழுத்துகள் தாமாகவே மேலேறுகின்றன. மட்டை பிடிக்க ஆள் தேவையில்லை. பேசுபவரின் பதற்றம் மட்டும் போய்விடவில்லை.

மட்டையின் குறை கண்ணில் தெரிந்தது. ஒன்றரை மீற்றர் தள்ளி அமர்ந்திருப்பவர், கமெராவின் வில்லையிலிருந்து 30 சென்ரிமீற்றர் விலக்கிப் பிடித்த மட்டையைப் பார்த்தால், பார்வை ஏறக்குறைய 11 பாகை விலகும். இவர் நம்மோடு பேசவில்லை, பக்கத்தில் நிற்கும் யாரோடோ பேசுகிறார் என்று பார்ப்பவருக்குப் படும். ஆட்சித் தலைவர்களுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. 1958-இல் ஆட்சிக்குத் திரும்பிய ஷார்ல் டு கோல், முதலில் மூக்குக்கண்ணாடியோடு தாளைப் பார்த்துத்தான் தொலைக்காட்சியில் பேசினார். அது எடுபடாமற்போகவே, உரைகளை மனப்பாடம் செய்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வில்லையை நேரே பார்த்துப் பேசப் பழகினார். காலையில் சரக்கு இறக்கி இரவில் கணக்குப் பார்க்கும் முதலாளிக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

அமெரிக்காவில் 1950-ஐ ஒட்டி வந்த டெலிபுரொம்ப்டர், மோட்டாரில் சுழலும் ஒரு காகிதச் சுருளாகவே தொடங்கியது. எழுத்தை வில்லைக்கு நேர் முன்னால் கொண்டுவந்தது, 45 பாகை சாய்த்து வைத்த கண்ணாடி. கீழே கிடக்கும் திரையில் எழுத்து இடவலமாகத் திரும்பியிருக்கும். கண்ணாடியில் அது நேராகத் தெரியும். கமெராவைச் சுற்றிப் பின்புறத்தைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டால், கண்ணாடியின் ஊடாகக் கமெரா பேசுபவரை மட்டும் காணும். ஆனாலும் தூரம் முக்கியம். 20 சென்ரிமீற்றர் அகல வரியை ஒரு மீற்றரில் இருந்து வாசித்தால், கண்மணிகள் இடமும் வலமும் ஓடுவது படத்தில் தெரியும். இரண்டு மீற்றருக்குப் பின்வாங்கினால் அந்த ஓட்டம் பாதியாகும். எழுத்தைப் பெரிதாக்கி, வரியைக் குறுக்கினால் இன்னும் குறையும்.

கண்ணாடி பார்வையைத் திருத்திக் கொடுத்தது. இழந்தது வேகத்தில். மட்டை பிடித்தவர் முதலாளியின் மூச்சை அறிந்தவர். அவர் தடுமாறினால் காத்திருப்பார். சிரித்தால் தானும் தலையசைப்பார். கைபேசிச் செயலியில் வேகத்தை ஒருமுறை குறித்துவிட்டால் அது யாருக்காகவும் நிற்காது. பேசுபவர் ஒரு சொல்லில் இடறினால் எழுத்து முன்னே போய்விடும். அதைப் பிடிக்கக் குரல் விரைகிறது, வாக்கிய முடிவுகள் தேய்கின்றன, கண் இமைப்பது நின்றுவிடுகிறது. பதற்றம் வெளியே தெரிவது இவற்றில்தான்.

இன்னொரு தடை எழுதும் தமிழ். அண்மையில் ஒரு கடைக்காரரின் அறிவிப்பு இப்படித் தொடங்கியது: “வாடிக்கையாளர்களின் தேவைகளைக் கருத்திற்கொண்டு எமது நிறுவனத்தின் சேவை நேரம் இரவு 9 மணி வரை நீடிக்கப்பட்டுள்ளது என்பதை மகிழ்வுடன் அறியத்தருகிறோம்.” இதை எத்தனை முறை பதிவுசெய்தாலும் ஒப்புவிப்பதாகவே கேட்கும். அவர் வாயால் சொன்னபடியே எழுதிப் பார்த்தோம்:

“வேலை முடிஞ்சு
பிந்தி வாற ஆக்களுக்காக,
இனி எங்கட கடை
இரவு ஒன்பது மணி வரைக்கும்
திறந்திருக்கும்.”

ஒவ்வொரு வரியும் ஒரு மூச்சு. நீண்ட சொல் வரியின் கடைசியில் உடையவில்லை. மணி இலக்கத்தில் இல்லாமல் சொல்லில் இருக்கிறது. செய்தி மாறவில்லை. குரல் மட்டும் கடையில் நின்று பேசுகிற குரலாகியது.

மட்டைக்கு இன்றும் ஒரு வேலை இருக்கிறது. தேதி, விலை, நன்றி சொல்ல வேண்டிய பெயர்கள் போன்ற பிசகக்கூடாதவை கண்ணாடியில் ஓடட்டும். முதன்முதலில் கடை திறந்த நாளைப் பற்றிச் சொல்லும்போது கண்ணாடியை வெறுமையாக்கிவிட்டு, வில்லைக்குக் கீழே ஒட்டிய சிறு மட்டையில் “வாடகை, மாமா, முதல் மூட்டை அரிசி” என்று மூன்று குறிப்புகள் போதும். தன் கதையைச் சொல்ல ஒருவருக்கு முழு வாக்கியங்கள் தேவையில்லை. இடையில் அவர் யோசிக்கும் இடைவெளியே அதை நம்பவைக்கிறது.

முன்பு ஓர் ஆளும் சில மட்டைகளும் இருந்தால், பேச்சுக்கு ஏற்ப எழுத்து நகர்ந்தது. இன்று ஆளில்லாமலே நேர்ப் பார்வை கிடைக்கிறது, ஆனால் எழுத்துக்கு ஏற்பப் பேச்சு ஓடுகிறது. இரண்டையும் சேர்க்க வழி உண்டு. தானியங்கி ஓட்டத்தை நிறுத்திவிட்டு, எழுத்தை நகர்த்தும் சிறு ரிமோட்டை முதலாளியோடு பல காலம் பழகிய ஒருவரின் கையில் கொடுக்க வேண்டும். அவர் திரையைப் பார்க்காமல் முதலாளியின் உதடுகளைப் பார்த்து எழுத்தை நகர்த்தட்டும்.