தேடலில் சிக்காத ரெஸ்யூமே

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு அக்கவுண்டன்ட் தேவை என்று வைத்துக்கொள்வோம். வந்து குவிந்த ரெஸ்யூமேக்களை ஹெச்.ஆர். ஒவ்வொன்றாகத் திறப்பதில்லை. விண்ணப்பங்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருளிலோ நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற தளங்களிலோ அவர் இப்படித் தட்டுகிறார்:

```
("accounts executive" OR accountant) AND GST AND Tally
```

மேற்கோளுக்குள் இருக்கும் சொற்கள் அதே வரிசையில் சேர்ந்து வரவேண்டும். OR என்றால் இரண்டில் ஒன்று போதும். AND என்றால் எல்லாமே இருந்தாக வேண்டும். ஐந்து வருடமாக மாதாமாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டவர், தன் ரெஸ்யூமேயில் “கம்பெனியின் வரி வேலைகளைக் கவனித்தேன்” என்று மட்டும் எழுதியிருந்தால் இந்தத் தேடலில் வரமாட்டார். மென்பொருள் அவரை நிராகரிக்கவில்லை. அவர் பெயர் ஹெச்.ஆர். கண்ணிலேயே படவில்லை, அவ்வளவுதான். ஒரே பொருள் தரும் சொற்களைத் தானாகவே சேர்த்துத் தேடும் மென்பொருள்களும் உண்டு. ஆனால் எந்தக் கம்பெனியில் எது இருக்கிறதென்று விண்ணப்பிப்பவருக்குத் தெரியாது.

விளம்பரத்தை ஒருமுறை நிதானமாகப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். திரும்பத் திரும்ப வரும் சொற்களையும், ‘கட்டாயம்’ என்ற தலைப்பின்கீழ் இருப்பவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த விளம்பரத்தில் ஜி.எஸ்.டி. ஃபைலிங், பேங்க் ரீகன்சிலியேஷன், டாலி பிரைம் ஆகிய மூன்றும் இருக்கின்றன என்றால், செய்த வேலையை அதே சொற்களில் சொல்ல வேண்டும்.

விண்ணப்பப் படிவத்தில் “ஜி.எஸ்.டி. ஃபைலிங் அனுபவம் பற்றிக் கூறுக” என்று கேட்டால், “நல்ல அனுபவம் உண்டு” என்ற பதிலால் பயனில்லை. “டாலி பிரைமில் பில் போட்டு, மாதாமாதம் GSTR-1, GSTR-3B ஃபைல் செய்தேன். கொள்முதல் பில்களை GSTR-2B-யோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மாதக் கடைசியில் பேங்க் ரீகன்சிலியேஷனும் என் பொறுப்பு” என்று எழுதலாம். கேட்ட மூன்றும் வந்துவிட்டன. படிப்பவருக்கும் வேலை தெரிந்த ஆள் பேசுவது புரிகிறது. ஹெச்.ஆர். அனுப்பும் மெசேஜுக்குப் பதில் எழுதும்போதும் இதே முறைதான்.

சிலர் விளம்பரத்தை அப்படியே காப்பி செய்து வெள்ளை எழுத்தில் ஒளித்துவைக்கிறார்கள். மென்பொருள் ரெஸ்யூமேயை வெறும் எழுத்தாக மாற்றிக் காட்டும்போது அது பளிச்சென்று வெளியே வந்துவிடும்.

சொற்கள் சரியாக இருந்தும் மென்பொருளால் படிக்க முடியாமல் போவதும் உண்டு. ஸ்கேன் செய்து படமாக அனுப்பிய ரெஸ்யூமேயில் இது அடிக்கடி நடக்கும். பி.டி.எஃப்-ஐத் திறந்து, எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் குழம்பினாலோ எதுவுமே வராவிட்டாலோ, ரெஸ்யூமேயை வேர்டில் எளிய வடிவில் மறுபடி தட்டுவது நல்லது.

செய்யாத வேலையின் சொல்லை மட்டும் சேர்க்காதீர்கள். “2B-யில் வராத பில்லை என்ன செய்வீர்கள்?” என்பதுதான் இன்டர்வியூவில் முதல் கேள்வியாக இருக்கும்.