சாதி மறுப்புத் திருமணம்: பதிவுச் சான்றிதழ் எதை மெய்ப்பிக்கிறது?

சாதிக்குள் நடக்கும் திருமணத்திற்கு ஊரே சாட்சி. அழைப்பிதழ், மண்டபம், மொய்ப்பட்டியல் என எத்தனையோ தடயங்கள் இருக்கும். சாதி மறுப்புத் திருமணத்திலோ சாட்சி சொல்ல வேண்டிய உறவினரே பின்னாளில் அப்படியொரு திருமணம் நடக்கவே இல்லை என்று மறுப்பவர்களாக நிற்கிறார்கள். ஆகவே திருமணப் பதிவை நாம் வெறும் அலுவலக நடைமுறையாகக் கருத முடியாது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். திருமணம் நடப்பது வேறு, அது பதிவாவது வேறு. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் சேர்த்த 7-ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவித்தோ, மாலை அல்லது மோதிரம் மாற்றியோ, தாலி கட்டியோ மணம் புரியலாம். புரோகிதர் தேவையில்லை. இச்சட்டத்தின் பார்வையில் பௌத்தர்களும் ‘இந்து’ என்ற சொல்லுக்குள் அடங்குவர். இத்தகைய மணத்திற்குப் பொது அறிவிப்பு கட்டாயமில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் உறுதிசெய்தது.

அந்நிகழ்வு நடக்காமல் சான்றிதழ் மட்டும் பெற்றால் அது திருமணமாகாது. பின்னர் மணம் முடித்துக்கொள்ளலாம் என்றெண்ணி, விசா போன்ற தேவைகளுக்காக முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளும் போக்கை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. எனவே மாலை மாற்றும் நிகழ்வைத் தேதி, இடம், சாட்சிகள் தெரியும்படி ஒளிப்படமாகவும் எழுத்தாகவும் பதிந்துவைப்பது முதல் வேலை.

அடுத்தது சார்பதிவாளர் அலுவலகம். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009இன்படி மணமான 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள்கள் உண்டு. வயது, அடையாளம், முகவரி, மணம் நடந்தது ஆகியவற்றுக்கான ஆவணங்களும் சாட்சிகளின் கையொப்பமும் வேண்டும். மணமகளுக்கு 18, மணமகனுக்கு 21 வயது நிறைந்திருந்தால் பெற்றோரின் சம்மதத்தைச் சட்டம் கேட்பதில்லை. அலுவலர் பெற்றோரை அழைத்துவரச் சொன்னால், எந்த விதியின்கீழ் கேட்கிறார் என்பதை எழுத்தில் தருமாறு கோர வேண்டும்.

ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர் அல்லது முஸ்லிம் என்றால் இந்து திருமணச் சட்டம் பொருந்தாது. அதன்கீழ் பெற்ற சான்றிதழ் பின்னாளில் நீதிமன்றத்தில் நிற்காது. அவர்களுக்குரிய பொது வழி 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் 30 நாள் அறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்படும் என்பதால், அந்த ஒரு மாதத்திற்கான பாதுகாப்பை முன்னரே திட்டமிட வேண்டும்.

வெளிநாட்டில் வேலை செய்பவரின் துணை விசா கோரும்போது சான்றிதழிலுள்ள பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றும் கடவுச்சீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பதிவு நாளிலேயே இதைச் சரிபார்த்துவிட்டால், பின்னர் திருத்தத்திற்காக இருவரும் மீண்டும் ஊர் திரும்ப வேண்டியிராது.

சொத்துரிமையில்தான் சான்றிதழின் முழு எடை தெரிகிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆதிக்கச் சாதி இளைஞர் ஒருவர் தலித் பெண்ணை மணக்கிறார். ஒரு மகள் பிறக்கிறாள். உயில் எழுதாமல் கணவர் விபத்தில் இறக்கிறார். அவர் உழைத்துச் சேர்த்த 6 லட்சம் ரூபாய் வங்கி வைப்பில் இருக்கிறது. திருமணத்திற்கு முன் தொடங்கிய கணக்கு என்பதால் நியமனதாரர் அவருடைய தாய். வங்கி தாயிடம் பணத்தைக் கொடுத்துவிடும். அதோடு வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. ஆனால் நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, அதற்கு முழு உரிமையாளர் அல்லர். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன்படி மனைவி, மகள், தாய் ஆகிய மூவருக்கும் தலா 2 லட்சம் உரியது. இவர்கள் இருக்கும்போது தந்தைக்கும் உடன்பிறந்தோருக்கும் பங்கில்லை.

இங்கேதான் கணவர் வீட்டார் ‘அவள் மனைவியே இல்லை’ என்பார்கள். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று கேட்டால், கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பது கணவரின் தெருவில். திருமணச் சான்றிதழ் இருந்தால் அவ்விசாரணையில் தெருவின் வாய்மொழிக்கு எதிராக ஓர் அரசு ஆவணம் நிற்கும். தகராறு உரிமையியல் நீதிமன்றம் சென்றாலும் திருமணப் பதிவேடு சாட்சியமாக ஏற்கப்படும். சான்றிதழ் இல்லாததால் மட்டும் திருமணம் செல்லாததாகிவிடாது. ஆனால் அதை மெய்ப்பிக்கும் முழுச் சுமையும், சாட்சி சொல்ல அஞ்சும் நண்பர்களை நம்பி, அந்தப் பெண்ணின் தோளில் விழும்.

சான்றிதழ் கைக்கு வந்த வாரத்திலேயே வங்கி, காப்பீடு, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றில் நியமனதாரரை மாற்றுவது நல்லது. திருமணம் ஆனதால் வங்கிப் பதிவேட்டிலுள்ள பெயர் தானாக மாறுவதில்லை. சான்றிதழின் சான்றிட்ட நகல்களில் ஒன்றையாவது வீட்டிற்கு வெளியே, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வைத்திருக்க வேண்டும்.