ஆய்வு மாணவியின் இணைப்புகள் ஒரே இடத்தில்

டெங்கு நோய் பற்றி ஆய்வு செய்யும் ஒரு பல்கலைக்கழக மாணவியை எடுத்துக்கொள்வோம். பஸ்ஸில் வரும்போது கையடக்கத் தொலைபேசியில் குரோம் மூலம் வாசித்த கட்டுரைகளை அதிலேயே குறித்து வைக்கிறார். வீட்டுக் கணனியிலோ பயர்பொக்ஸ். ஆறு மாதங்களில் இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான இணைப்புகள் சேர்ந்துவிடுகின்றன. தேவையான ஒன்று எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரிவதில்லை.

முதலில் இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். அண்ட்ரொய்ட் தொலைபேசியிலுள்ள குரோமில் ஏற்றுமதி செய்யும் வசதி இல்லை. எனவே கணனியில் குரோமைத் திறந்து, தொலைபேசியில் பயன்படுத்தும் அதே கணக்கினூடாக நுழைய வேண்டும். இணைப்புகள் வந்து சேர்ந்ததும் Ctrl+Shift+O அழுத்தி, மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளில் Export bookmarks என்பதைத் தெரிவுசெய்தால் ஒரு HTML கோப்பு கிடைக்கும். பின்னர் பயர்பொக்ஸிலும் அதே விசைகளை அழுத்தி, Import and Backup என்பதன் கீழ் Import Bookmarks from HTML மூலம் அக்கோப்பை உள்ளே எடுக்கலாம். இதை ஒரு தடவை மட்டுமே செய்யுங்கள். இரண்டாம் தடவை செய்தால் ஒவ்வொன்றும் இரட்டிப்பாகிவிடும். இதன் பின் தொலைபேசியிலும் பயர்பொக்ஸையே நிறுவி, ஒரே கணக்கில் இரண்டையும் இணைத்துவிடலாம்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. இவ்வாறு இணைப்பது பிரதி எடுத்து வைப்பதாகாது. அது கண்ணாடி போன்றது. தொலைபேசியில் ஒரு கோப்புறையைத் தவறுதலாக அழித்தால் கணனியிலும் அது மறைந்துவிடும். ஆகவே மாதம் ஒருமுறை HTML கோப்பொன்றை ஏற்றுமதி செய்து, திகதியுடன் பெயரிட்டு, பென் டிரைவில் வைத்துக்கொள்வது அவசியம். இணைப்புகளைச் சேமிக்கும் சேவையை மட்டும் நம்பியிருப்பதும் போதாது. பலர் பயன்படுத்திய பொக்கெட் சேவை 2025 ஜூலையில் மூடப்பட்டது.

அடுத்தது, எந்த முகவரியைச் சேமிப்பது என்பது. பல்கலைக்கழக நூலகத்தினூடாகத் திறந்த கட்டுரையின் முகவரியில் நூலகச் சேவையகத்தின் பெயரும் கலந்திருக்கலாம். வீட்டில் அதைத் திறந்தால் கடவுச்சொல் கேட்கும், அல்லது நேரம் முடிந்துவிட்டதாகச் சொல்லும். இதற்குப் பதிலாக, கட்டுரையின் முதற்பக்கத்தில் 10. என்று தொடங்கும் டீஓஐ எண்ணைத் தேடி எடுத்து, அதன் முன்னால் https://doi.org/ சேர்த்துச் சேமியுங்கள். வெளியீட்டாளர் தளத்தை மாற்றினாலும், புதிய முகவரியை அவர் பதிந்திருக்கும் வரை அந்த எண் கட்டுரையிடம் கொண்டு சேர்க்கும்.

அரச அறிக்கைகள் பலவற்றுக்கு அவ்வெண் கிடையாது. தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கை போன்றவற்றை PDF ஆகவே இறக்கி வைப்பது நல்லது.

இறுதியாக, பக்கம் தானாகத் தரும் தலைப்பை அப்படியே விடாதீர்கள். “2019 – கொழும்பு – மழையும் டெங்கும் – அத்தியாயம் 2” என்று மாற்றி எழுதுங்கள். ஆய்வேட்டை எழுத உட்காரும் நாளில், முகவரிப் பட்டையில் ஒரு நட்சத்திரக் குறியும் (*) இடைவெளியும் இட்டு “அத்தியாயம் 2” எனத் தட்டினால், அதற்குரியவை வரிசையாக வந்து நிற்கும்.